சின்ன பார்ட்டுக்கு டை காஸ்டிங்கா, மெழுகு காஸ்டிங்கா: ஒரு லாட்ச் லீவர் கணக்கு

கோயம்புத்தூர்ல மெஷின் பார்ட்ஸ் வாங்குற வேலையில இருந்தா இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்துரும். உள்ளங்கைக்குள்ள அடங்குற பார்ட், டிராயிங்ல டாலரன்ஸ் டைட்டா போட்டிருக்கு, இதை பிரஷர் டை காஸ்டிங்ல போடலாமா இல்ல மெழுகு காஸ்டிங்னு சொல்ற இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்ல போடலாமா. ரெண்டு பக்கமும் கொட்டேஷன் வாங்கி, பீஸ் ரேட்டை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து முடிவெடுத்துட்டு அப்புறம் முழிக்கிற ஆளுங்க நிறைய. நானும் அதுல ஒருத்தனா இருந்திருக்கேன்.

நான் எடுத்துக்கப் போறது ஒரு லாட்ச் லீவர். டெக்ஸ்டைல் மெஷினோட பக்கக் கதவைப் பூட்டுற சின்னக் கொக்கி, நீளம் 45 எம்எம், நடுவுல 8 எம்எம் தடிமன், குறுக்க ஒரு 4 எம்எம் ஓட்டை, முனையில வளைஞ்ச மூக்கு. முதல் வருஷத்துக்கு 4,000 பீஸ் வேணும்னாங்க.

முதல்ல பாக்க வேண்டியது காசு இல்ல, உலோகம். டை காஸ்டிங்ல உருகின உலோகத்தை டைங்கிற ஸ்டீல் அச்சுக்குள்ள பிரஷர்ல அடிக்கிறாங்க, அதனால டையை விட ரொம்பக் கம்மி சூட்டுல உருகுறது மட்டும்தான் அதுல ஓடும். ஜிங்க்கை 400 டிகிரி சுத்தி, அலுமினியத்தை 650க்கு மேல அடிப்பாங்க, பெரும்பாலும் இந்த மாதிரி உலோகம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1,500 டிகிரி தாண்டி ஊத்தணும், அதை எச்13ங்கிற டூல் ஸ்டீல்ல செஞ்ச டைக்குள்ள அடிச்சா டையே போயிரும். அதனால பார்ட் ஸ்டீல்லதான் இருக்கணும்னு டிசைன் சொல்லிட்டா கேள்வியே அங்க முடிஞ்சது, மெழுகு வழிதான். மெழுகு வழியில ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு மெழுகு உருவம் அடிச்சு, அதை மரம் மாதிரி ஒரு தண்டுல ஒட்டி, செராமிக் கூழ்ல முக்கி, மணல் தூவி, காய வச்சு, மறுபடி முக்கி, இப்படி ஏழெட்டு கோட் போட்டு, மெழுகை ஆவியில உருக்கி எடுத்துட்டு, மிச்சம் நிக்கிற செராமிக் ஓடு, அதை சுமார் 1,000 டிகிரில சுட்டு அதுக்குள்ள ஸ்டீலை ஊத்துறாங்க. அந்த செராமிக் ஓடு உடைஞ்சாத்தான் பார்ட்டை வெளிய எடுக்க முடியும். சுவாமிமலையில சிலை வார்க்கிறதும் அடிப்படையில இதே வேலைதான், அங்க ஒரு அச்சுக்கு ஒரு சிலை, இங்க ஒரு மரத்துக்கு நாற்பது அம்பது லீவர்.

என்னோட லீவர்ல பெரிய லோடு இல்ல, சூடும் இல்ல. ஜிங்க்கும் ஓடும், எஸ்எஸ் 304 மாதிரி கிரேடும் ஓடும். ஜிங்க் நூறு டிகிரி பக்கம் சூடாகி, அதுமேல விடாம லோடும் இருந்தா மெல்ல மெல்ல நீண்டுக்கும், ஆனா கதவுக் கொக்கிக்கு அந்தக் கவலை வேண்டாம். அதனாலதான் இங்க நிஜமான ஒப்பீடு பண்ண முடிஞ்சது.

கணக்குக்கு வருவோம். எனக்கு வந்த ரேட்டை உருண்டையாக்கி சொல்றேன், உங்க ஊர்ல வேற மாதிரி வரும். ஜிங்க் டைக்கு, ஒரு ஷாட்டுக்கு ரெண்டு பீஸ் வர்ற மாதிரி ரெண்டு கேவிட்டி, குறுக்கு ஓட்டைக்கு பக்கத்துல இருந்து உள்ள நகர்ந்து வர்ற ஒரு சைடு கோர், கூடவே டிரிம் டூல், எல்லாம் சேர்த்து 4,50,000 ரூபா. பீஸ் ரேட் பிளேட்டிங்கோட 22. மெழுகு டை அலுமினியத்துல வெட்டுறது, 70,000 ரூபா. பீஸ் ரேட் 58. டை காஸ்டிங்ல ஒரு ஷாட் சில செகண்ட்ல முடிஞ்சுரும், மெழுகு வழியில ஒவ்வொரு கோட்டும் மணிக்கணக்கா காயணும், செராமிக் ஒரு தடவைதான், உலோகம் உள்ள போற வாயான கேட்டை வெட்டி ஒவ்வொரு பீஸா கிரைண்டிங் பிடிக்கணும். 58 ஏன்னு அதுலயே தெரியும்.

டூல் வித்தியாசம் 3,80,000, பீஸ் வித்தியாசம் 36, வகுத்தா கிட்டத்தட்ட 10,556 பீஸ். அதுக்குக் கீழ மெழுகு லாபம், மேல டை காஸ்டிங் லாபம். நான் இதோட நிறுத்திட்டு ஃபைலை மூடியிருப்பேன், எங்க டூல் ரூம்ல இருக்கிற அண்ணன் ஒருத்தர்தான் டிராயிங்கைப் பாத்துட்டு "தம்பி, அந்த 4 எம்எம் ஓட்டையை யார் போடப் போறா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. ஜிங்க்ல சைடு கோர் ஓட்டையோடவே வார்த்துரும். மெழுகு வழியில 4 எம்எம் ஓட்டை ஆழமா போனா செராமிக் கூழ் உள்ள சரியா இறங்காது, இறங்கினாலும் உள்ள இருக்கிற ஓடு ஒல்லியா போய் ஊத்துறப்ப உடையும், அதனால ஓட்டையை மூடி வார்த்துட்டு டிரில்லும் ரீமரும் போடுறதுதான் வழக்கம். அதுக்கு பீஸுக்கு 6 ரூபா. ஆக வித்தியாசம் 42 ஆச்சு, பிரேக் ஈவன் சுமார் 9,050க்கு இறங்கிருச்சு. ஒரே ஒரு ஓட்டை ஆயிரத்து ஐநூறு பீஸ் தள்ளி வச்சுருச்சு பாருங்க. இதே உள்பக்கமா வளைஞ்ச அண்டர்கட்டா இருந்திருந்தா கதை தலைகீழ், டை காஸ்டிங்ல பார்ட் டையை விட்டு வெளிய வரணும்ல, மெழுகுக்கு அச்சுல இருந்து கழண்டு வர வைக்கிற சரிவான டிராஃப்ட் கூட அவ்வளவா தேவையில்ல.

4,000 பீஸ் வருஷத்துக்குன்னா 9,050ஐ தொட ரெண்டேகால் வருஷம். புது மெஷின், டிசைன் அவ்வளவு நாள் மாறாம நிக்குமான்னு யாரும் உறுதி சொல்லல. மெழுகுல போட்டோம். நல்லவேளை, முதல் வருஷத்துலயே மூக்கோட வளைவை ரெண்டு தடவை மாத்தினாங்க. அலுமினிய மெழுகு டையில ஒரு இன்செர்ட்டை மாத்தி வெட்டுறதோட வேலை முடிஞ்சது. ஹார்டனிங் பண்ணின எச்13 டையா இருந்திருந்தா வெல்டிங் வச்சு மறுபடி ஸ்பார்க் மெஷின்ல அரிச்சு வெட்டி, அந்த வெல்டு போட்ட இடம் எப்ப விரிசல் விடும்னு பாத்துக்கிட்டே இருந்திருப்போம்.

இப்ப ஃபினிஷ். இதுலதான் ஜாஸ்தி ஏமாறுறாங்க. ரெண்டு சாம்பிளையும் மேசையில வச்சா ஜிங்க் பீஸ் வழவழன்னு இருக்கும், மெழுகு பீஸ் ஷாட் பிளாஸ்ட் அடிச்ச மங்கல் மேற்பரப்போட, கையில தடவினா லேசா சொரசொரன்னு, சொரசொரப்பு அளவு ஆர்ஏ 3.2 மைக்ரான் பக்கம் இருக்கும். சைஸும் அப்படித்தான், 25 எம்எம் நீளத்துக்கு மெழுகு வழி சாதாரணமா கூட்டல் கழித்தல் 0.13 பிடிக்கும், சின்ன ஜிங்க் பீஸ் அதுல பாதிக்கும் கீழ வரும், டை பிரியுற கோட்டுக்குக் குறுக்க மட்டும் கொஞ்சம் தளரும். கண்ணால பாத்தா ஜிங்க்தான் ஜெயிக்கும்.

ஆனா டை காஸ்டிங்ல நல்லா இருக்கிறது தோல் மட்டும்தான். உலோகம் கேட் வழியா செகண்டுக்கு முப்பது நாப்பது மீட்டர் வேகத்துல பாயுது, கேவிட்டி கண் சிமிட்டுறதுக்குள்ள நிறையுது, அதுல இருந்த காத்து முழுசா வெளிய போக நேரமே கிடையாது. டையைத் தொட்ட பக்கம் உடனே உறைஞ்சு இறுகின தோலாயிரும், காத்து நடுவுல சின்னச் சின்ன குமிழியா மாட்டிக்கும். தோலைத் தொடாத வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. வேற ஒரு வேலையில, நியூமேட்டிக் வால்வோட சின்ன பாடி, ஏடிசி12 அலுமினியம், டை காஸ்டிங்ல வாங்கினோம், பாக்க அழகு. உள் துளையைக் கடையுற போர் மெஷினிங்ல ஒன்றரை எம்எம் எடுத்ததும் காத்து அடைச்சு தண்ணிக்குள்ள முக்கிப் பாத்தா, நூறுல பதினஞ்சு பீஸ் ஊசி நுனி மாதிரி குமிழி விட்டுச்சு. சப்ளையர் மெஷினிங் தப்புன்னார், மெஷின் ஷாப் காஸ்டிங் தப்புன்னாங்க, வெட்டிப் பாத்தா தடியான நடுப்பகுதியில ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை. கடைசில வேக்யூம்ல ரெசின் ஏத்தி அடைச்சோம், பீஸுக்கு அந்தச் செலவும் ஏறுச்சு. டை காஸ்டிங் பீஸை மெஷினிங் பண்ணணும்னா அரை எம்எம்முக்கு மேல எடுக்காத மாதிரி டிசைன் பண்ணணும், தடிமனை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வைக்கணும். இதை அப்போ எனக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்தக் குமிழிதான் வேற ரெண்டு இடத்துலயும் கடிக்கும். சாதாரண டை காஸ்டிங் அலுமினியத்தை, சூடு பண்ணி பலம் ஏத்துற டி6 ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பினா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு மேல கொப்புளம் கொப்புளமா எழும்பும். ஜிங்க் பீஸை கண்ணாடி மாதிரி வேணும்னு பஃபிங்ல ஜாஸ்தி தேய்ச்சா தோல் போய் உள்ள இருக்கிற புள்ளி வெளிய வந்துரும், அதுமேல குரோம் போட்டா அந்தப் புள்ளி இன்னும் பளிச்சுன்னு தெரியும். மெழுகு வழி ஸ்டீல் பீஸ் நல்லா ஊத்தியிருந்தா உள்ளயும் வெளியயும் ஒண்ணு, எவ்வளவு வேணா தேய்க்கலாம், சூடு பண்ணலாம்.

அதுக்காக மெழுகு வழி சாமி இல்ல. அங்க மெழுகும் சுருங்கும், ஸ்டீலும் சுருங்கும், ஓடு சுடுறப்ப விரியும், இது எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுத்தான் டை வெட்டுறாங்க. மெழுகு ரூம்ல ஏசி ஒழுங்கா ஓடலைன்னா அன்னிக்கு அடிச்ச லாட் மொத்தமும் சைஸ் நகர்ந்துரும். எங்க லீவர்லயே ஒரு லாட்ல மூக்கு ஒரு பக்கமா சாய்ஞ்சு வந்துச்சு, மெழுகு சூடா இருக்கிறப்பவே டிரேல குவிச்சுப் போட்டதால வளைஞ்சது, அதை ஸ்டீல்ல வார்த்த அப்புறம் கை பிரஸ்ல ஒவ்வொண்ணா நிமித்தினாங்க. ஒரு சின்ன கேஜ் செஞ்சு குடுத்ததும்தான் அது நின்னுச்சு. கேட் வெட்டின இடத்துல கால் எம்எம் மேடு மிச்சமிருக்கும், அது எந்த முகத்துல வரலாம்னு டிராயிங்ல குறிக்கலைன்னா கரெக்டா உக்கார வேண்டிய முகத்துலயே வந்து நிக்கும்.

மூணாவது வருஷம் மெஷின் நல்லா ஓடி, லீவர் தேவை 12,000 ஆச்சு, டிசைனும் ஒரு வருஷமா மாறல. மறுபடி கணக்கு போட்டோம். ஆனா பழைய மாதிரி டூல் வித்தியாசத்தைப் போடக் கூடாது, மெழுகு டைக்குக் குடுத்த 70,000 போனது போனதுதான், இப்ப புதுசா கையை விட்டுப் போறது முழு 4,50,000. மூக்கு ஸ்டீல் தகட்டுல உரசிக்கிட்டே இருக்கிறதால ஜிங்க் தேயும், அதனால மூக்குல ஒரு ஸ்டீல் பின் அடிச்சு இறக்குறதுன்னு முடிவாச்சு, அது 3 ரூபா. 64க்கும் 25க்கும் நடுவுல 39, டைக் காசு திரும்ப 11,538 பீஸ், கிட்டத்தட்ட ஒரு வருஷ ஆர்டர். ஜிங்க் டை லட்சக்கணக்கான ஷாட் தாங்கும்ங்கிறதால அதுக்கப்புறம் டை தேய்மானம்னு தனியா எதுவும் சேர்க்கல.

டை போட்டாச்சு. முதல் சாம்பிள் வர கிட்டத்தட்ட ரெண்டரை மாசம் ஆச்சு, அது வரைக்கும் மெழுகு பீஸ்தான் கதவைப் பூட்டிக்கிட்டு இருந்துச்சு. பழைய மெழுகு டையை ரேக்லயே வச்சிருக்கேன், ஏற்றுமதி மெஷின்ல சாயப் பட்டறை ஈரத்துக்கு ஜிங்க் வேண்டாம், ஸ்டெயின்லெஸ்தான் வேணும்னு வருஷத்துக்கு ஒரு 300 பீஸ் இன்னும் கேக்குறாங்க.