"ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டி அக்ரிலிக்" எண்டு போட்டு விக்கிறாங்க, 14,800 ரூபா போச்சு, பாத்து வாங்குங்க

இன்னும் கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க. ஒன்லைன்ல பெயின்ட், பிரஷ், கைவேலைச் சாமான் விக்கிற ஒரு பேஜ்ல ரெண்டு செட் எடுத்தன், ஒண்டு 7,400 படி 14,800 ரூபா. பேர் போடல்ல, ஆனா இதே மாதிரி விளம்பரம் இப்ப நிறையப் பேருக்கு முன்னால வருது.

கல்லடியில ஒரு முன்பள்ளிக்கு பிளைவுட் பலகையில உயிரெழுத்தும் மிருகங்களும் கீறிக் குடுக்கிற ஓடர் எனக்கு. பிள்ளையள் கை வைக்கும், டீச்சர்மார் ஈரத்துணியால துடைப்பாங்க, அதால அக்ரிலிக் தவிர வேற ஒண்டும் சரிவராது. அந்த விளம்பரத்தில இருந்தது இதுதான்: "ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டி அக்ரிலிக், 24 பீஸ் செட், ரிச் பிக்மன்ட், மங்காது, ஆரம்ப நிலையில இருந்து ப்ரொஃபெஷனல் வரை." படத்தில 24 டியூப் வரிசையா, பெரிசாக்கிப் பாத்தா லேபிள்ல 75 மில்லி எண்டு கிடக்கு. எழுத்தில மட்டும் மில்லிக் கணக்கு இல்ல. அதனாலதான் இன்பொக்ஸ்ல கேட்டன், "டியூப் 75 மில்லிதானே தம்பி, பலகைக்கு அடிச்சா தண்ணிக்கு நிக்குமா?" உடனே வொய்ஸ் வந்திச்சு: "ஓம் அக்கா, படத்தில இருக்கிறதேதான், நாங்களும் மட்டக்களப்பு ஆக்கள்தான், நம்பி எடுங்க." நம்ம ஊர்ப் பேச்சு, அக்கா எண்ட முறை, அந்தக் குரல்ல ஒரு தடுமாற்றம்கூட இல்ல. அண்டைக்கே பேங்க்ல காசு போட்டன்.

பார்சல் வந்து பிரிச்சா ஒவ்வொரு செட்டிலயும் டியூப் 12தான், அதுவும் ஒண்டு 12 மில்லி. மிச்சம் 6 பிரஷ், ஒரு பெலட், ஒரு பெலட் கத்தி, ஒரு ஸ்பொன்ஞ், உள்ளங்கை அளவில 3 கன்வஸ். கூட்டிப் பாருங்க, 24 வரும்! பிரஷையும் ஸ்பொன்ஞ்சையும் எண்ணித்தான் "24 பீஸ்" எண்டு போட்டிருக்காங்க. ஒரு செட்ல மொத்தப் பெயின்ட் 144 மில்லி, படத்தில காட்டினது 1,800 மில்லி.

சரி, இருக்கிறதையாவது பாவிப்பம் எண்டு ஒரு பலகையில யானையும் சிங்கமும் அடிச்சன். மஞ்சள் ஒரே சுண்ணாம்பு மாதிரி, மூண்டு தரம் அடிச்சும் கீழ இருக்கிற பலகை தெரியுது. நிறத்தூளைக் குறைச்சு சோக்குத்தூள் மாதிரி நிரப்பிச் சாமான் கூடப் போட்டா இப்பிடித்தான் வரும். சிவப்பு டியூப்ல "கேட்மியம் ரெட்" எண்டு பேர் மட்டும், வேற ஒண்டும் இல்ல. உண்மையான கேட்மியம் சிவப்பு எண்டா PR108 எண்டு பிக்மன்ட் நம்பர் இருக்கும், விலையும் கூட. வேற நிறத்தூளால அதே சிவப்பைச் செஞ்சா ஒழுங்கான கம்பெனிகள் பேருக்குப் பக்கத்தில "ஹியூ" எண்டு போடும். இதில ரெண்டும் இல்ல.

மறுகா அடுத்த நாள், நல்லாக் காஞ்ச பிறகு, ஈரத்துணியால ஒருக்காத் துடைச்சன். சிங்கம் அப்பிடியே துணிக்கு வந்திட்டு. அக்ரிலிக் ஒருக்காக் காஞ்சா பிளாஸ்டிக் படை மாதிரி இறுகிடும், தண்ணியில திரும்பக் கரையாது. இது பிள்ளையள் பள்ளிக்கூடத்தில பாவிக்கிற போஸ்டர் கலர் வகை, டியூப்ல அடைச்சு அக்ரிலிக் எண்டு ஒட்டியிருக்காங்க. பிள்ளையள்ட பேப்பருக்கு அது போதும், என்ட பலகைக்கு எப்பிடிப் போதும்?

படம், வீடியோ எல்லாம் அனுப்பினன். முதல்ல "சப்ளையர்ட்டக் கேட்டுச் சொல்றன் அக்கா." மறுகா "வார்னிஷ் அடிச்சா நிக்கும்." அடிச்சும் பாத்தன், பிரஷ் படப்பட நிறம் எல்லாம் கலங்கி இழுபட்டுப் போச்சு. அதையும் காட்டினா, "பிரிச்ச சாமான் திருப்பி எடுக்க மாட்டம்." பிரிக்காம எப்பிடி 12 டியூப் எண்டு எனக்குத் தெரியும்? கடைசியில "இது ஆரம்ப நிலை ஆக்களுக்கான செட், நீங்க ப்ரொஃபெஷனல் எண்டா வேற எடுத்திருக்கணும்" எண்டாங்க. திரும்பப் போய்ப் பாத்தா விளம்பரத்தில "ப்ரொஃபெஷனல் வரை" எண்ட வரியத் தூக்கிட்டாங்க, 24 டியூப் படம் மட்டும் அப்பிடியே நிக்குது. நான் கேட்ட உடன புளொக். 14,800 ரூபா, அதோட ஒரு பலகையும் பழுது. முன்பள்ளிக்கு நான் இனிச் சொந்தக் காசில பெயின்ட் வாங்கணும்.

எப்பிடிப் பாத்து எடுக்கிறதெண்டு விரிவா எழுதத்தான் நினைச்சன், இப்ப முடியல்ல. "பீஸ்" எண்டா டியூப் எத்தினை, ஒண்டு எத்தினை மில்லி எண்டு எழுத்தில கேளுங்க, வொய்ஸ் வேணாம். டியூப்ட பின்பக்கத்தப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பிக்மன்ட் நம்பர் இல்லாட்டி "ஆர்ட்டிஸ்ட்" எண்டு போட்டத நம்பாதீங்க. காசு போட முதல் விளம்பரத்த ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க, பிறகு மாத்துறாங்க. வந்த உடன ஒரு துண்டு மட்டையில அடிச்சு அடுத்த நாள் ஈரத்துணியால தேச்சுப் பாருங்க. நான் நாளைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 அடிச்சு முறைப்பாடு குடுக்கிறன், இதே செட் வாங்கி ஏமாந்த ஆக்கள் இருந்தா பில்லையும் படத்தையும் எனக்கு அனுப்புங்க.