கண்ணா, கருவியா: இரும்பு தயோசயனேட்டின் சமநிலை மாறிலி

ஒப்பீட்டுக் குழாயில் சிவப்புச் சேர்மம் 0.001 M, உயரம் 60 மி.மீ. சோதனைக் குழாயில் இரும்பு 0.0064 M, தயோசயனேட் 0.001 M, அதே உயரம். இரண்டையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே, ஒப்பீட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி எடுக்கிறோம். 27 மி.மீ.-இல் நிறம் ஒத்துப்போனால் சோதனைக் குழாயில் சேர்மம் 0.00045 M, சமநிலை மாறிலி K சுமார் 138. கண் ஏமாந்து 30 மி.மீ. என்றால் K 169! மூன்றே மில்லிமீட்டர்.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 447 நானோமீட்டரில் அளந்தால் இந்தத் தடுமாற்றம் இல்லை. ஆனால் இதே கரைசலை அப்படியே வைக்க முடியாது, நிறம் அளவுக்கு மீறி அடர்த்தி. நீர்த்த கரைசல்களைப் புதிதாகக் கலக்க வேண்டும்.

என் ஓட்டு கருவிக்குத்தான். அப்புறம் ஒன்று: ஒப்பீட்டுக் கரைசலில் இரும்பு 0.1 M இருந்தாலும் தயோசயனேட்டில் 93 சதவீதம்தான் சேர்மமாகிறது. முழுவதும் மாறியதாக எடுத்துக்கொள்ளும் அந்தப் பிழையைக் கருவியும் திருத்தாது.