வீட்டுக் கடனில் 5 லட்சம் முன்கூட்டியே கட்டினால்: இஎம்ஐயைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

40 லட்சம் கடன், 8.5 சதவீத மாறும் வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 34,713 ரூபாய். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் ஏறக்குறைய 35.25 லட்சம் பாக்கி இருக்கும். இந்த நேரத்தில் 5 லட்சத்தை அசலில் கட்டினால் பாக்கி 30.25 லட்சமாகிவிடும். வங்கி இரண்டு வழிகளைத் தரும்.

இஎம்ஐயைக் குறைத்தால் தவணை 29,789 ரூபாய் ஆகும். மிச்சமுள்ள 15 வருடமும் அப்படியே தொடரும். 5 லட்சம் கட்டாமல் விட்டிருந்தால் போயிருக்கும் வட்டியில் சுமார் 3.86 லட்சம் மிச்சம். அதே 34,713ஐத் தொடர்ந்து கட்டினாலோ 180 மாதம் 136 மாதமாகச் சுருங்கும். மிச்சமாகும் வட்டி சுமார் 10.25 லட்சம்.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இரண்டிலும் வட்டி விகிதம் ஒன்றுதான். முதல் மாத வட்டியும் ஒன்றுதான்: 21,428 ரூபாய். பழைய தவணையில் அதுபோக 13,285 ரூபாய் அசலுக்குப் போகிறது. குறைத்த தவணையில் 8,361தான் போகிறது. காலத்தைக் குறைப்பவர் மாதாமாதம் 4,924 ரூபாய் கூடுதலாக அசலை அடைக்கிறார். அந்த 10 லட்சத்தில் பெரும்பங்கு இப்படிக் கூடுதலாகக் கட்டுவதால் வருவது, வங்கி தரும் சலுகை அல்ல.

இதிலிருந்து பலர் கவனிக்காத ஒன்று புரியும். இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் 4,924ஐ அதே தேதியில் தவறாமல் அசலில் கட்டிவந்தால் கடன் அதே 136 மாதத்தில் முடியும், வட்டியும் அதேதான். ஆனால் கட்டாயமாகக் கட்ட வேண்டியது 29,789 மட்டுமே. வேலை போனாலோ மருத்துவச் செலவு வந்தாலோ கூடுதல் தொகையை நிறுத்திக்கொள்ளலாம், சிபில் ஸ்கோருக்கு ஒன்றும் ஆகாது. இஎம்ஐயில் ஒரு மாதம் தவறினால் அபராதமும் வரும், சிபிலிலும் பதிவாகும்.

வருமானம் நிலையற்றவர்களுக்கும், ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பங்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கூடுதல் தொகை மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கிக் கணக்கில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிட வேண்டும். கையில் தங்கினால் செலவாகிவிடும். அப்போது மிஞ்சுவது அந்த 3.86 லட்சம் மட்டுமே. ஆறு மாதச் செலவுக்குத் தனியே பணம் வைத்திருப்பவர், சம்பளம் உறுதியானவர் என்றால் நேரடியாகக் காலத்தைக் குறைப்பதே மேல். சில நிறுவனங்கள் சிறு தொகையை அசலில் வரவு வைப்பதில்லை, குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கின்றன. அங்கே மாதா மாதம் கட்டும் வழி நடக்காது. சேர்த்து வைத்துத்தான் கட்ட வேண்டும்.

வருமான வரியைக் காரணம் காட்டித் தயங்குவோரும் உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில் வட்டிக் கழிவின் உச்சவரம்பு 2 லட்சம். மேலே சொன்ன கடனில் 5 லட்சம் கட்டிய பிறகும் அடுத்த ஆண்டு வட்டி 2 லட்சத்துக்கு மேல்தான் இருக்கும். எனவே அந்த ஆண்டு கழிவு குறையாது. புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது.

கட்டும்போது கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் வங்கி கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பணம் கட்டும்போது 'அசலில் வரவு, தவணை மாறாது, காலம் குறைய வேண்டும்' என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாமல் கட்டினால் சில இடங்களில் அது வரும் மாதங்களுக்கான முன்தவணையாகக் கிடந்துவிடும், அசல் குறையாது. ஒரு வாரத்தில் கணக்கு அறிக்கை எடுத்து, நிலுவை அசல் முழு 5 லட்சம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய தவணை அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

வட்டி ஏறும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும். 9 சதவீதமானால், தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டும் வங்கியில் 136 மாதம் 142 ஆகிவிடும். சுருக்கிய காலத்தில் ஆறு மாதம் போய்விடும். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்ற தெரிவை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால், தவணையைக் கூட்டச் சொல்லிப் பதில் கொடுங்கள். 30.25 லட்சப் பாக்கியில் 136 மாதத்திலேயே முடிக்க மாதம் 900 ரூபாய்க்குள் கூடுதலாகக் கட்டினால் போதும்.