எக்ஸ்ஜிபூஸ்ட்டோடு ஆறு வருடம்: எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது

அட்டவணையாக எந்தத் தரவு வந்தாலும் நான் முதலில் ஓடவிடுவது எக்ஸ்ஜிபூஸ்ட் தான், பல முடிவு மரங்களின் விடைகளைக் கூட்டிக் கணிக்கும் நிரல் அது. ஆறு வருடமாக அப்படித்தான். விடுபட்ட மதிப்புகளை அதுவே சமாளித்துக்கொள்ளும். ஒரு நெடுவரிசை ரூபாயில், இன்னொன்று டிகிரியில் இருந்தாலும் கவலையில்லை, அளவுகளைச் சமப்படுத்தத் தேவையில்லை. இயல்பான அமைப்பிலேயே பெரும்பாலும் நல்ல விடை தரும். முதல் இரண்டு வருடம் வேறெதையும் நான் தொட்டுப் பார்க்கவே இல்லை என்றால், அது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, தேவையும் வரவில்லை.

தேவை வந்தது இருபது லிட்டர் தண்ணீர் கேன் விநியோகிக்கும் ஒருவரிடமிருந்து. நாளைக்கு எத்தனை கேன் போகும் என்று முந்தைய நாள் மாலையே தெரிந்தால் வண்டியும் ஆளும் ஒதுக்க வசதி என்றார். தொழில் வளர்ந்துகொண்டிருந்தது: தொடக்கத்தில் நாளுக்கு 400 கேன், மூன்று வருடத்தில் 850ஐத் தாண்டியிருந்தது. தொடங்கிய நாளிலிருந்து இது எத்தனையாவது நாள், என்ன கிழமை, அன்றைய அதிகபட்ச வெயில் ஆகிய மூன்றையும் கொடுத்துப் பழக்கினேன். தரவைக் குலுக்கி ஐந்தாகப் பிரித்துச் சோதித்ததில், அதாவது கிராஸ் வேலிடேஷனில், பிழை மிகக் குறைவு. பெருமையோடு ஒப்படைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், போன் வந்தது.

"தம்பி, இங்க ஆயிரம் கேன் தாண்டிப் போகுது. உங்க கணக்கு தொள்ளாயிரத்துக்கு மேல ஏறவே மாட்டேங்குதே?"

அந்த வாரத்துக் கணிப்புகளை எடுத்து உண்மை விற்பனைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏழு நாளும் கணிப்பு குறைவு, ஒரு நாள்கூட அதிகமில்லை. சாதாரணப் பிழை என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அமைப்பிலேயே கோளாறு என்று அர்த்தம். காரணத்தைப் பார்க்க, வளர்ச்சியை மட்டும் வைத்து ஒரு பொம்மைத் தரவு செய்துபார்த்தேன்:

```python
import numpy as np
from xgboost import XGBRegressor
from sklearn.linear_model import LinearRegression

x = np.arange(100).reshape(-1, 1)
y = 400 + 5 * x.ravel()
q = np.array([[120], [150]])

print(XGBRegressor().fit(x, y).predict(q))
print(LinearRegression().fit(x, y).predict(q))
```

100 நாள், நாளுக்கு 5 கேன் ஏற்றம், கடைசி நாளில் 895. 120ஆம், 150ஆம் நாளுக்கு என்ன வரும்? நேர்கோட்டு மாதிரி 1000, 1150 என்று சரியாகச் சொல்லும். எக்ஸ்ஜிபூஸ்ட் இரண்டு நாளுக்கும் ஒரே எண்ணைத் தரும், 895ஐ ஒட்டி. மரம் கேட்பதெல்லாம் "நாள் 97ஐ விடப் பெரிதா?" போன்ற கேள்விகள்தான். 120க்கும் 150க்கும் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில், ஆகவே இரண்டும் ஒரே இலையில், அதாவது மரத்தின் ஒரே முடிவில், போய் விழுகின்றன. பல மரங்களைச் சராசரி எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்றால் விடை இலைகளில் உள்ளவற்றின் சராசரி என்பதால், பார்த்த உச்சத்தைத் தாண்டவே முடியாது. எக்ஸ்ஜிபூஸ்ட் செய்யும் பூஸ்டிங்கில் மரங்களைக் கூட்டுவதால் சற்றே தாண்டலாம், ஆனால் நாள் எண்ணின் திசையில் அதுவும் தட்டைதான்.

என் சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை? குலுக்கிப் பிரித்ததால், சோதனைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் முன்னும் பின்னும் உள்ள நாட்கள் பயிற்சியில் இருந்தன. இடைவெளியை நிரப்பும் வேலையில் மரத்துக்கு முழு மதிப்பெண். கடைசி மூன்று மாதத்தைத் தனியே ஒதுக்கிவைத்துச் சோதித்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சரி, எக்ஸ்ஜிபூஸ்ட்டைத் தூக்கிவிட்டு நேர்கோட்டை வைத்தேன். வளர்ச்சியைப் பிடித்தது, வெயிலைக் கோட்டைவிட்டது. இவருக்கு 36 டிகிரி வரை வெயிலால் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்கு மேல் விற்பனை திடீரென்று ஏறும். அந்தப் படிக்கட்டை மரம் ஒரே கேள்வியில் கண்டுபிடித்திருந்தது. நேர்கோடோ அதை எல்லா டிகிரிக்கும் பங்குபோட்டு, குளிரான நாளில் குறைத்தும் இதமான நாளில் கூட்டியும் சொன்னது. ஒரே ஆளுடைய ஒரே தரவில், ஒரு பாதியில் ஒன்று ஜெயித்தது, மறு பாதியில் மற்றது.

அப்போதுதான் "நோ ஃப்ரீ லஞ்ச்" தேற்றத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். (சத்துணவுக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவனிடம் இலவச மதிய உணவு கிடையாது என்றால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.) டேவிட் வோல்பர்ட் 1996இல் கற்கும் அல்காரிதங்களுக்கு இதை எழுதினார். 1997இல் அவரும் வில்லியம் மெக்ரெடியும் தேடல் அல்காரிதங்களுக்கு எழுதினார்கள். அமையக்கூடிய எல்லா விதங்களையும் சமமாக எடுத்துச் சராசரி பார்த்தால் எந்த அல்காரிதமும் இன்னொன்றை ஜெயிக்காது என்பதுதான் சாரம்.

கணக்கு சிறியதுதான். மூன்று சுவிட்சுகள், எட்டு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் விளக்கு எரியும் அல்லது எரியாது. ஐந்து நிலைகளைப் பார்த்துவிட்டோம், மூன்று பாக்கி. அந்த மூன்றுக்கும் விடை எட்டு விதமாக அமையலாம். உங்கள் அல்காரிதம் எதுவாகவும் இருக்கட்டும், அது மூன்றுக்கும் ஒரு கணிப்பைச் சொல்லும். இந்த எட்டு உலகங்களில் ஓர் உலகத்தில் மூன்றும் சரி, மூன்று உலகங்களில் இரண்டு கணிப்பு சரி, இன்னும் மூன்று உலகங்களில் ஒரே கணிப்பு சரி, மிச்சமுள்ள ஓர் உலகத்தில் எல்லாமே தப்பு. சராசரி ஒன்றரை. கணிப்பை அப்படியே தலைகீழாக்கினாலும் ஒன்றரை, நாணயத்தைச் சுண்டினாலும் ஒன்றரை. பார்த்த ஐந்து நிலைகளும் பார்க்காத மூன்றைப் பற்றித் தாமாக எதுவும் சொல்வதில்லை. நாம் வைத்திருக்கும் ஏதோ ஓர் ஊகம்தான் சொல்கிறது.

இதைக் கேட்டதும் "அப்படியானால் கிராஸ் வேலிடேஷன் செய்து ஜெயிப்பதை எடுத்துக்கொள்ளலாமே" என்று எனக்கும் தோன்றியது. அந்தத் தேர்வும் ஓர் அல்காரிதம்தான், அதே கணக்கு அதற்கும் பொருந்தும். எல்லா உலகங்களையும் சமமாக எடுத்துச் சராசரி பார்த்தால், சோதனையில் தோற்றதைத் தேர்ந்தெடுப்பவரும் ஜெயித்ததைத் தேர்ந்தெடுப்பவரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். எனக்குத் தூக்கம் கெட்ட இடம் இது.

ஆனால் இந்தத் தேற்றத்தைக் காட்டி "எல்லா அல்காரிதமும் ஒன்றுதான்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "எல்லா உலகங்களையும் சமமாக" என்ற நிபந்தனையில்தான் முழு பாரமும் இருக்கிறது. அந்த உலகங்களில் மிகப் பெரும்பாலானவை வெறும் இரைச்சல், இன்றைய விற்பனைக்கும் நாளைய விற்பனைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தண்ணீர் கேன் அப்படி விற்பதில்லை. படங்களில் கன்வல்யூஷன் வலையமைப்பு ஜெயிப்பதற்குக் காரணமும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் உறவுள்ளவை என்ற அதன் ஊகம், படங்களில் உண்மையாக இருப்பதுதான். எல்லாப் படங்களின் புள்ளிகளையும் ஒரே முறையில் இடம் மாற்றிக் கலைத்துவிட்டு மறுபடி பழக்கிப் பாருங்கள். மரத்துக்கு ஒரு பாதிப்பும் இராது, நெடுவரிசைகளின் வரிசை அதற்கு முக்கியமே இல்லை. கன்வல்யூஷனுக்குக் கைமுதலே போய்விடும்.

ஆக, ஆறு வருடம் எனக்கு உழைத்தது எக்ஸ்ஜிபூஸ்ட் மட்டுமல்ல. என்னிடம் வந்த தரவுகள் பெரும்பாலும் படிக்கட்டு வடிவில் இருந்ததும்தான்: கடன் வரம்பு, வயது வரம்பு, கட்டணப் பிரிவு என்று. அந்தச் சலுகை எனக்குத் தெரியாமலே கிடைத்துக்கொண்டிருந்தது.

கேன் கணக்கில் இப்போது முதலில் ஒரு நேர்கோடு வளர்ச்சியைப் பிடிக்கிறது, அது விட்ட மிச்சத்தை எக்ஸ்ஜிபூஸ்ட் கிழமையையும் வெயிலையும் வைத்துக் கணிக்கிறது, இரண்டையும் கூட்டி அனுப்புகிறேன். இதிலும் ஓர் ஊகம் உண்டு: வளர்ச்சி நேர்கோடாகவே தொடரும் என்பது. பக்கத்துத் தெருவில் போட்டிக்கு ஒருவர் கடை போட்டால் இந்த மாதிரியின் கணிப்பு மேல்நோக்கித் தவறும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடந்த ஏழு நாள் பிழையின் குறியை மட்டும் பார்க்கிறேன். நாள் எண் என்ற நெடுவரிசை எக்ஸ்ஜிபூஸ்ட்டுக்குப் போவதே இல்லை.