கைத்தறியா, விசைத்தறியா: இரண்டு பருத்திச் சேலைகள்

போன மாதம் திருகோணமலையில் அக்காவும் நானும் ஆளுக்கொரு நீலப் பருத்திச் சேலை வாங்கினோம். அவவுடையது விசைத்தறி, என்னுடையது கைத்தறி. விரித்து வெளிச்சத்தில் பிடித்ததும், "உன்ரதில கோடு விழுந்திருக்குதே, மாத்திக்கொண்டு வா" என்றா.

அது பழுதில்லை. விசைத்தறியில் குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழையையும் இயந்திரம் ஒரே விசையில் அடிக்கும். கையால் நெய்பவர் சாப்பிட எழும்பிப் போய் வந்தால் அடியின் அழுத்தம் சற்று மாறும், அந்த இடம் மெல்லிய குறுக்குக் கோடாகத் தெரியும். நூலின் தடிப்பும், இழை அறுந்து முடிந்த சிறு முடிச்சும் அப்படித்தான். முடிச்சைப் பிடுங்க வேண்டாம், அங்கே ஓட்டை விழும். கரையோர ஊசித் துளைகள், நெய்யும்போது அகலம் சுருங்காமல் பிடிக்கும் கோல் பதிந்தவை. ஆனால் விசைத்தறியிலும் துளை வரலாம் என்பதால் அதை மட்டும் கைத்தறிக்கு அடையாளமாக நம்பி வாங்காதீர்கள்.

எது பழுது? பல இழைகள் சேர்ந்து அறுந்த ஓட்டை, விரலால் தள்ளினாலே இழை விலகும் தளர்வு. இவற்றுக்கு மாற்றிக் கேட்கலாம்.

துவைப்பதில் அக்காவின் சேலை இயந்திரத்தையும் தாங்கும். என்னுடையதை முதல் சில தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயவிடுகிறேன். மாரி மழைக்கு முன் கஞ்சியைக் கழுவிவிட்டுத்தான் மடித்து வைப்பேன். ஈரக் காற்றில் கஞ்சிச் சேலை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும்.

இந்த வெக்கைக்கு நான் கைத்தறியைத்தான் உடுப்பேன்.