ஒரு பீரியடில் எதைச் செய்வது: பழைய வினாவா, பிழை அலசலா, சக மாணவர் கற்பித்தலா?

பொதுத்தேர்வுக்கு முன் இருபடிச் சமன்பாட்டைத் திருப்ப ஒரே ஒரு 45 நிமிட வகுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பழைய வினாக்களை வரிசையாகக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுதான் நம்மில் பலரின் வழக்கம். ஐந்தாறு கணக்கு முடிந்துவிடும், பாடம் நகர்ந்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். எங்கே தடுமாறுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அதே பழைய வினாவைத் தனியாகப் போடச் சொல்லிவிட்டு விடையை மட்டும் பாருங்கள். 2x² − 5x − 3 = 0 என்ற கணக்குக்குச் சரியான விடை 3, −1/2. சூத்திரத்தில் போட்ட ஒரு பிள்ளை 1/2, −3 என்று எழுதியிருந்தால், −b வரும் இடத்தில் −5 என்றே வைத்துவிட்டது. 3/2, 1 என்றால் −4ac இல் குறி போய்விட்டது. 25 + 24 வரவேண்டிய இடத்தில் 25 − 24 வந்திருக்கிறது. 'மெய் மூலங்கள் இல்லை' என்று எழுதியிருந்தால், (−5)² என்பதை −25 ஆக்கியிருக்கிறது. ஆக, தவறான விடையே நோயைச் சொல்லிவிடுகிறது. அதனால் பிழை அலசலுக்குத்தான் என் ஓட்டு. ஒரு குறை உண்டு: 40 தாள்களை வகுப்பிலேயே படிநிலை பார்த்துத் திருத்த முடியாது. எந்தப் பிழை எந்த விடையைத் தரும் என்று முதல் நாளே கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

சக மாணவர் கற்பித்தல் குறிப் பிழைகளுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் முதல் மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அவரே பேனாவை வாங்கிப் போட்டு முடித்துவிடுவார், மற்றவர் தலையாட்டுவார். பேனா கற்பவர் கையில்தான் இருக்க வேண்டும். சொல்லித் தருபவர் வாயால் மட்டும் சொல்லட்டும். அப்புறம், ஒரே பிழை செய்த இருவரைச் சேர்த்துவிடாதீர்கள், தவறு இன்னும் உறுதிப்படும்.

வாக்கியக் கணக்கில் இந்த முறை அவ்வளவாக உதவாது. 'நீளம் அகலத்தை விட 3 மீ அதிகம், பரப்பு 40 ச.மீ' என்பதற்கு x + (x + 3) = 40 என்று எழுதுகிற பிள்ளைக்குப் பரப்பும் சுற்றளவும் குழம்பியிருக்கின்றன. அதை ஆசிரியர்தான் படம் வரைந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

நான் பிரிப்பது இப்படி: 8 நிமிடம் ஒரு பழைய வினா, 5 நிமிடம் விடை பார்த்துப் பிரித்தல், 15 நிமிடம் குறிப் பிழைக்காரர்கள் ஜோடியாக. அந்த நேரத்தில் வாக்கியக் கணக்கில் தடுமாறுகிறவர்கள் என்னிடம். யாரிடம் அந்தத் தடுமாற்றம் என்பதை முந்தைய தேர்வுத் தாளிலேயே குறித்து வைத்திருப்பேன். மீதி நேரத்தில் எல்லோரும் தனியாக 3x² − 2x − 8 = 0. இதற்கு 2, −4/3 வராதவர் பட்டியல்தான் மறுநாள் எனக்கு வேலை.