ஒரே வேலை, இரண்டு வரிகள்

தம்பி, தங்கச்சிமார், நிலாவெளி ஹோட்டல் ஒன்று வரவேற்புப் பிரிவுக்கு ஆள் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் இப்படி: "அறை முன்பதிவுகளைக் கணினியில் பதிய வேண்டும், சிங்களமும் ஆங்கிலமும் பேச வேண்டும், இரவு வேலையும் உண்டு." முதலில் வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள்.

ஒருவர் தன் சுயவிவரத்தில் எழுதுகிறார்: "கடின உழைப்பாளி, கணினி அறிவு உண்டு." இதை வங்கிக்கும் அனுப்பலாம், மீன் கம்பெனிக்கும் அனுப்பலாம். கோடு போட்ட எதற்கும் பதில் இல்லை.

மற்றவர்: "உப்புவெளி விடுதியில் 3 மாதம் முன்பதிவுகளை எக்செலில் பதிந்தேன், சிங்களத்தில் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொன்னேன்." விளம்பரத்தின் சொல்லே வரியிலும் வருகிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஆங்கிலம் விடுபட்டுவிட்டது. தெரிந்தால் சேருங்கள், தெரியாமல் எழுதினால் நேர்முகத்தில் முதல் நிமிடமே பிடிபடும். அப்புறம் இரவு வேலை? அதற்குச் சம்மதம் என்று கடிதத்தில் ஒரு வரி போதும்.